"செட்டில்மென்ட் லெட்டர் இருக்கு": லீசிங் முடியாத ஒரு ஸ்கூட்டியை வாங்கிய நிகழ்வு

களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுப்பது, ஒன்லைனில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுப்பது, வாகன உரிமை மாற்றப் படிவங்கள் நிரப்புவது இவைதான் அன்றாட வேலை. வருடத்துக்கு ஒன்றிரண்டு பேராவது, முழுக்காசும் கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பெயர் மாற்ற முடியாமல் கையில் ஒரு போட்டோகொப்பியோடு வந்து நிற்பார்கள். அப்படி நின்றிருக்க வேண்டிய ஒருவர் கடைசிப் படியில் தப்பித்துக்கொண்டார். அது எப்படி நடந்தது என்பதை, எங்கள் பக்கத்துப் பிழைகளையும் சேர்த்து இங்கே பதிகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களையும் வாகன இலக்கத்தையும் அவர்களை அடையாளம் காட்டும் மற்ற விபரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

வாங்கியவர் ஒரு இளம் ஆசிரியை. வீடு குருமண்வெளிப் பக்கம், நியமனம் கிடைத்தது வாவிக்கு அப்பால் படுவான்கரையில். காலையில் பாதைப் படகில் ஏறி மண்டூர்த் துறையில் இறங்கினால் அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. முதல் தவணை முழுக்க யாராவது ஒருவரின் பின்னால் ஏறித்தான் போய் வந்தார். ஸ்கூட்டி ஒன்று அவருக்குக் கட்டாயத் தேவை.

புதிது வாங்க வசதியில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய பாவித்த வண்டி விலை இன்னும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. சேமிப்பும் தகப்பன் கொடுத்ததுமாக அவரிடம் இருந்தது 430,000 ரூபா. அதற்குள் வண்டி, உரிமை மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் முடிய வேண்டும்.

முதல் விளம்பரம்: 15,000 ரூபா நட்டம்

என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு தொகையை இழந்துவிட்டார். சமூக வலைத்தளத்தில் 2018ஆம் ஆண்டு 110 சிசி ஸ்கூட்டி ஒன்று 345,000 ரூபாவுக்குப் போடப்பட்டிருந்தது. அதே வருடத்து வண்டிகள் அந்த நேரத்தில் ஐந்து இலட்சத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. விற்பவர் தான் அரச வேலையில் இருப்பதாகவும், திடீரென்று தூர இடத்துக்கு மாற்றலாகிவிட்டதாகவும் சொல்லி, அடையாள அட்டை ஒன்றின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். "நாளைக்கு இன்னொருத்தர் வாறார், 15,000 போட்டா உங்களுக்கு வைக்கிறன்" என்றாராம். ஆசிரியை போட்டுவிட்டார். அன்று பின்னேரமே அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

இரண்டு நாள் வெட்கப்பட்டு வீட்டிலும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வங்கிக்கு அறிவித்தபோது அந்தக் கணக்கில் காசு இல்லை, பொலிஸில் முறைப்பாடு மட்டும் எழுதப்பட்டது. அந்த இரண்டு நாள் முக்கியம். காசு போன அதே மணித்தியாலத்தில் தன் வங்கியின் அவசர இலக்கத்துக்கு அறிவித்தால், எடுபடாமல் கிடக்கும் காசை மறித்து வைக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. பிந்தினால் அதுவும் இல்லை.

இதற்குப் பிறகுதான் நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வேறொரு விளம்பரத் தளத்தில் அதே ஸ்கூட்டியின் படம் அவர் கண்ணில் பட்டது. முன் கவரில் பாதி உரிந்த கிளி ஸ்டிக்கர், அதே மதில், அதே வாழைமரம். விலை 435,000, இடம் கல்முனைப் பக்கம். படம் இங்கிருந்துதான் திருடப்பட்டிருக்கிறது. வண்டி உண்மையானது, முதலில் போட்ட ஆள்தான் பொய்.

இரண்டாவது விளம்பரம்: பாதி வெட்டிய சீஆர்

இந்த முறை தகப்பன் அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். "ஒருக்கா இதப் பாருங்க மனே, பிள்ளை திரும்பவும் காசு போடப் பாக்குது" என்றார். விற்பவர் அட்வான்ஸாக 25,000 கேட்டிருந்தார். சீஆரின் படம் ஒன்றும் வந்திருந்தது.

சீஆர் என்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுக்கும் பதிவுச் சான்றிதழ். வந்த படத்தில் வாகன இலக்கம், என்ஜின் இலக்கம், செஸி இலக்கம், பதிவு செய்த உரிமையாளரின் பெயர் எல்லாம் தெளிவாக இருந்தன. அதற்குப் பிறகு படம் முடிந்துவிட்டது. நான் தேடியது அந்த வெட்டுப்பட்ட பகுதியைத்தான். அப்சலூட் ஓனர் யார் என்று எழுதியிருக்கும் இடம் படத்தில் இல்லை. லீசிங்கில் எடுத்த வண்டி என்றால் கடன் முடியும்வரை அந்த இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர்தான் இருக்கும். ஓடித்திரிகிறவர் பதிவு உரிமையாளர் மட்டுமே, அறுதி உரிமை கம்பனிக்கு. தவணை தவறினால் வண்டி யார் வீட்டில் நின்றாலும் கம்பனி வந்து பிடிக்கும். நான் முழுக்காசும் கொடுத்து வாங்கினேன் என்று சொல்லிப் பயனில்லை.

முழுப்படம் கேட்டோம். மறைக்காமல் உடனே அனுப்பினார். அப்சலூட் ஓனர் இடத்தில் ஒரு நிதிக் கம்பனியின் பெயர். அதோடு அது போட்டோகொப்பியைப் படம் எடுத்தது என்பதும் தெரிந்தது, ஒரு மூலையில் ஸ்டேப்ளர் கம்பியின் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. லீசிங் காலத்தில் மூலச் சீஆர் கம்பனியிடம்தான் இருக்கும், வண்டிக்காரர் கையில் பிரதி மட்டுமே. அந்த நிழலே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது.

போன் எடுத்துக் கேட்டேன். "அதெல்லாம் கட்டி முடிஞ்சிட்டு அண்ணன், செட்டில்மென்ட் லெட்டர் கையில இருக்கு" என்றார். திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். அப்சலூட் ஓனர் இன்னும் அதே கம்பனி. இது மட்டும் பொய்க்கு அத்தாட்சி ஆகாது. கடன் முடிந்த பிறகும் திணைக்களத்தில் போய் நீக்காமல் வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆகவே கடிதத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று தீர்மானித்தோம். அட்வான்ஸ் போடவில்லை.

கடிதத்தில் இருந்தது

கடிதம் ஆங்கிலத்தில், கம்பனியின் தலைப்புத் தாளில், முத்திரையோடு இருந்தது. பார்த்தவுடன் நம்பத் தோன்றும். மேலே ஒப்பந்த இலக்கம், கீழே 109,750 ரூபா என்று ஒரு தொகை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்தத் தொகை இன்ன திகதி வரைக்கும்தான் செல்லுபடியாகும். அந்தத் திகதி போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

அது கடன் முடிந்ததற்கான கடிதமே இல்லை. "இவ்வளவைக் கட்டினால் கடனை முடிக்கலாம்" என்று கம்பனி கொடுக்கும் கணக்குக் கடிதம் அது. கட்டி முடித்த பிறகு கிடைப்பது வேறு. அதில் இந்த ஒப்பந்தத்தில் பாக்கி இல்லை, வாகனத்தின் மேலிருந்த உரிமையை விட்டுவிடுகிறோம் என்று இருக்கும், அதோடு மூலச் சீஆரும் வரும். நம் ஊரில் இரண்டையுமே "செட்டில்மென்ட் லெட்டர்" என்றுதான் சொல்கிறோம், சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. வித்தியாசம் கண்டுபிடிக்க ஆங்கிலம் பெரிதாகத் தேவையில்லை. கடிதத்தில் கட்ட வேண்டிய தொகையும் கடைசித் திகதியும் இருந்தால் கடன் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு நேரில் கதைத்தபோது ஒன்று விளங்கியது. விற்க வந்தவர் பதிவு உரிமையாளரின் தம்பி, அண்ணன் கட்டாரில். அண்ணன் காசு அனுப்பியிருக்கிறார், அதில் ஒரு பகுதி வீட்டு மருந்துச் செலவுக்குப் போய்விட்டது. கம்பனி கடிதம் கொடுத்ததால் விசயம் முடிந்துவிட்டது என்றே தம்பி உண்மையில் நினைத்திருந்தார். ஏமாற்றுகிற ஆளின் முகம் எனக்கு அவரில் தெரியவில்லை. அவருடைய நல்ல மனதை நம்பி ஆசிரியை முழுக்காசைக் கொடுத்திருந்தாலும் நட்டம் அதே நட்டம்தான்.

வண்டியைப் பார்த்த நாள்

அட்வான்ஸ் இல்லாமல் வண்டியைப் பார்க்கச் சம்மதித்தார். ஞாயிறு காலை, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். வரும்வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லியிருந்தோம். போனவுடன் மெக்கானிக் என்ஜினில் கை வைத்துப் பார்த்தார், குளிர்ந்துதான் இருந்தது. இரண்டாவது அமத்தலில் பிடித்தது.

அவர் முதலில் பார்த்தது இலக்கங்களை. செஸி இலக்கம் அடித்த இடத்தில் ஒயிலும் புழுதியும் அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தார். இலக்கம் கடதாசியில் எழும்பி வந்தது. துடைக்க முன் 3 போலத் தெரிந்த ஒரு எண், தேய்த்தபோது 8 என்று வந்தது, சீஆரிலும் 8. எழுத்துக்களுக்குச் சுற்றிவர அரம் போட்ட அடையாளமோ புதுப் பெயின்றோ இல்லை. என்ஜின் இலக்கமும் பொருந்தியது. அந்தக் கடதாசியை ஆசிரியை இன்னும் வைத்திருக்கிறார்.

அடுத்தது சேர்விஸ் சரித்திரம். மீற்றரில் 18,740 கிலோமீற்றர் காட்டியது. சேர்விஸ் புத்தகத்தில் ஆரம்பத்து இலவசச் சேர்விஸ்களின் முத்திரைகள் மட்டும், மற்றப் பக்கங்கள் வெறுமை. சீற்றைத் தூக்கி உள்பக்கத்தைப் பார்த்தபோது ஒயில் மாற்றிய கடையின் ஸ்டிக்கர் ஒன்று மங்கிப்போய் ஒட்டியிருந்தது. டோர்ச் அடித்துத்தான் வாசிக்க முடிந்தது: மாற்றியது 31,200இல், அடுத்தது 33,200இல். மீற்றர் காட்டுவதைவிடப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கூட.

தம்பியிடம் கேட்டோம். வண்டி ஒருதரம் விழுந்தது, மீற்றர் உடைந்தது, கழற்றிய சாமான் விற்கும் கடையில் வேறொன்று வாங்கிப் போட்டது என்றார். இடது பிரேக் லீவரின் நுனி தேய்ந்திருந்தது, ஹாண்டில் கவர் மட்டும் மற்றப் பகுதிகளைவிடப் புதிதாக இருந்தது. சொன்னது பொருந்தியது. ஆனால் விளம்பரத்தில் "19,000 கி.மீ. மட்டும்" என்று போட்டிருந்தார். மெக்கானிக் இந்த வண்டியை முப்பத்தையாயிரம் ஓடிய வண்டியாக வைத்தே விலை கதைக்கச் சொன்னார். மீற்றரை யாரும் மாற்றலாம். சீற்றுக்கு அடியில் மறந்துபோன ஸ்டிக்கரை மாற்ற யாருக்கும் நினைவு வராது.

இங்கே மாரி வெள்ளத்தில் வண்டி நிற்பது புதிதல்ல என்பதால் பெல்ட் கவரையும் கழற்றச் சொன்னோம். உள்ளே பெல்ட் தேய்ந்த கறுப்புத் தூள் இருந்தது, சேற்றுக்கோடு இல்லை. ஒயில் கோலில் பால் கலந்ததுபோன்ற நிறமும் இல்லை. பெல்ட்டில் மட்டும் வெடிப்புகள், மாற்ற வேண்டும். சைலன்சரின் அடியில் கடற்காற்றுத் துரு, அது இந்தக் கரையில் எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். விலை 415,000க்கு இறங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வண்டி நல்லது, விலையும் சரி. கடனும் ஆளும்தான் மீதிப் பிரச்சினை.

தம்பி இரண்டு வழி சொன்னார். ஒன்று, முழுக்காசையும் வாங்கித் தானே கம்பனிக்குக் கட்டிச் சீஆரை எடுத்துத் தருவது. மற்றது, மிச்சத் தவணையை ஆசிரியை கட்டிக்கொண்டே வண்டியை ஓடுவது, அண்ணன் கையெழுத்து வைத்த ஓப்பன் பேப்பர் கொடுப்பது. ஓப்பன் பேப்பர் என்பது வாங்குபவரின் பெயரும் திகதியும் இடாமல் விற்பவர் கையெழுத்தை மட்டும் வைத்த உரிமை மாற்றப் படிவம். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம், நாலு கை மாறிய வண்டிக்கும் முதல் ஆளின் கையெழுத்தே ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் வேண்டாம் என்றேன். முதலாவதில் காசு கம்பனிக்குப் போகிறதா என்பது தம்பியின் கையில். ஏற்கனவே ஒருமுறை வீட்டுத் தேவை அந்தக் காசைத் தின்றிருக்கிறது, நாளைக்கும் தின்னலாம். இரண்டாவதில் ஆசிரியை ஒழுங்காகக் கட்டினாலும், முடிவில் கம்பனி சீஆரைக் கொடுப்பது ஒப்பந்தக்காரரான அண்ணனுக்குத்தான். அதற்குள் அண்ணன் மனம் மாறினாலோ அவருக்கு ஏதும் நடந்தாலோ அந்தக் கையெழுத்துத் தாளால் பயனில்லை. விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸும் வேறொருவர் பெயரில் நிற்கும்.

தம்பியோடு கம்பனிக் கிளைக்குப் போனோம். மூன்று விசயம் தெரிந்துகொண்டோம். தம்பி இரண்டு தவணை தவறவிட்டதால் முடிக்கும் தொகை இப்போது 118,400. ஒப்பந்த இலக்கத்தைச் சொல்லி யார் வேண்டுமானாலும் கட்டலாம். மூலச் சீஆரும் விடுவிப்புக் கடிதமும் ஒப்பந்தக்காரர் நேரில் வந்தால் அல்லது முறையான அற்றோணித் தத்துவம் இருந்தால் மட்டுமே கொடுப்பார்கள். வீடியோ கோலில் அண்ணனைக் காட்டினோம், கிளை அதிகாரி மரியாதையாகவே மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரி.

அண்ணன் ஐந்து கிழமையில் லீவில் வருவதாக இருந்தது. அற்றோணித் தத்துவம் அங்கே எழுதி, தூதரகத்தில் உறுதிப்படுத்தி, தபாலில் வந்து சேரவும் அவ்வளவு நாள் பிடிக்கும். காத்திருப்போம் என்று சொன்னோம். ஆசிரியைக்கு அது பெரிய கஷ்டம். "இன்னும் ஐஞ்சு கிழமை ஆர்ட பின்னால ஏறிப் போற அண்ணா" என்று கேட்டார், எனக்கும் மனம் கேட்கவில்லை. தம்பியும் இன்னொருவர் 430,000 தருவதாகச் சொல்லிப் பார்த்தார். போனால் போகட்டும், கடன் முடியாத வண்டிக்கு ஒரு ரூபாவும் வேண்டாம் என்று தகப்பன் உறுதியாக நின்றார். அந்த இன்னொருவர் கடைசிவரை வரவில்லை.

பணம் போன வழி

அண்ணன் வந்து மூன்றாம் நாள் எல்லோரும் கிளைக்குப் போனோம். அவருடைய அடையாள அட்டையை முதலில் பார்த்தேன், பெயரும் இலக்கமும் ஒப்பந்தத்தோடு பொருந்தின. கடையில் வைத்து ஒரு எழுத்து எழுதியிருந்தோம்: வாகன இலக்கம், செஸி இலக்கம், மொத்த விலை, இன்று கட்டும் தொகை யார் காசு, மிச்சம் எப்போது, சீஆர் வந்தும் விற்க மறுத்தால் 118,400ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது. இரண்டு சாட்சி, இரண்டு பிரதி.

ஆசிரியை 118,400ஐக் கவுண்டரில் நேரே ஒப்பந்த இலக்கத்துக்குக் கட்டினார். பற்றுச்சீட்டில் செலுத்தியவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதுவித்தார். அண்ணன் கையில் அன்று ஒரு சதமும் போகவில்லை, வண்டியும் அவர் வீட்டிலேயே நின்றது. அவருக்கு இது கொஞ்சம் மனத்தாங்கல்தான். "நம்பிக்கை இல்லையா" என்று கேட்டார். முதல் விளம்பரத்தில் பிள்ளைக்கு நடந்ததைத் தகப்பன் சொன்னார், தன் வண்டிப் படத்தை வைத்தே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மூலச் சீஆர் தலைமை அலுவலகத்திலிருந்து வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எங்களுக்குப் பயம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அண்ணன் காணாமல் போனால் கையில் இருப்பது ஒரு எழுத்தும் பற்றுச்சீட்டும்தான். அந்த அபாயத்தை முற்றாக நீக்க எனக்கு வழி தெரியவில்லை. 415,000க்குப் பதில் 118,400 என்று குறைக்கத்தான் முடிந்தது.

பத்தாம் நாள் கிளையில் வைத்தே மற்றது முடிந்தது. மூலச் சீஆரையும் விடுவிப்புக் கடிதத்தையும் மேசையில் வைத்துப் பார்த்தோம், கடிதத்தில் வாகன இலக்கமும் செஸி இலக்கமும் சரி. எம்.டி.ஏ. 6 என்ற உரிமை மாற்றப் படிவத்தில் ஆசிரியையின் பெயரையும் அன்றைய திகதியையும் முழுதாக நிரப்பிய பிறகுதான் அண்ணன் கையெழுத்து வைத்தார். மிச்சம் 296,600ஐ ஆசிரியை அவருடைய வங்கிக் கணக்குக்குப் போனிலிருந்து அனுப்பினார். கணக்குப் பெயர் சீஆரில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பியின் கணக்கு வேண்டாம் என்றோம். அண்ணனும் அனுப்பிய ஸ்கிரீன் படத்தை நம்பாமல் தன் கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தார். விற்பவர்களை ஏமாற்ற அந்தப் படத்தையும் போலியாகச் செய்கிறார்கள், அவர் செய்தது சரியான வேலை. இரண்டு சாவியும் வந்தன.

அன்றைக்கே எம்.டி.ஏ. 8ஐயும் நிரப்பி அவரைக் கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புவித்தேன். வண்டி கைமாறியதைப் பழைய உரிமையாளர் 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இது வாங்குபவரைவிட விற்றவருக்குத்தான் காவல். அனுப்பாமல் விட்டால், அவர் கட்டாரில் இருக்கும்போது இங்கே வண்டி செய்யும் குற்றத்துக்கு அவர் பெயரே பதிவில் நிற்கும்.

பிறகு நடந்தது

திணைக்களத்துக்குக் கொடுத்த ஆவணங்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூட எடுத்து ஆசிரியையின் பெயரில் சீஆர் வந்தது. அப்சலூட் ஓனர் இடத்தில் இப்போது எந்தக் கம்பனியும் இல்லை.

ஒன்றை நாங்கள் கோட்டைவிட்டோம். கடனையே பார்த்துக்கொண்டிருந்ததில், வருமான அனுமதிப்பத்திரம் முடிந்து எவ்வளவு காலம் என்று வண்டி எடுக்கும் நாள்வரை யாரும் பார்க்கவில்லை. முடிந்து ஏழு மாதம். முகப்பில் ஒட்டியிருந்த தாள் வெயிலில் வெளிறி வாசிக்க முடியாமல் இருந்தது, முடியும் திகதியை அப்போதே கேட்டிருக்க வேண்டும். புது இன்சூரன்ஸ் எடுத்துப் புகைப் பரிசோதனைக்குப் போனால் முதல்முறை தேறவில்லை, எயார் பில்டர் அடைத்துக் கிடந்தது. அதை மாற்றி, பெல்ட்டும் போட்டு, தண்டப்பணமும் கட்டி எடுக்க ஆசிரியை கடன்பட வேண்டி வந்தது. அதுவரைக்கும் வண்டியை ரோட்டில் எடுக்கவில்லை. விலை பேசிய அன்றே இதைக் கண்டிருந்தால் அந்தச் செலவு விற்பவர் பக்கம் போயிருக்கும். இது என் பிழை, ஏனென்றால் அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுப்பதே என் தொழில்.

இனி மாற்றிக்கொள்வது

யாராவது விளம்பரத்தோடு வந்தால் இப்போது வண்டியின் விலையைக் கேட்பதற்கு முன் சீஆரின் முழுப்படத்தையும் அனுமதிப்பத்திரத்தின் படத்தையும் கேட்கச் சொல்கிறேன். பாதி வெட்டிய படம் வந்தால் காரணம் கேட்பதில்லை, முழுதாக அனுப்பச் சொல்வோம். அனுப்பாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுவோம்.

விளம்பரப் படத்தை இணையத்தில் படமாகப் போட்டுத் தேடிப் பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. ஆசிரியை முதல் நாளே அதைச் செய்திருந்தால் அதே வண்டி வேறு விலையில், வேறு ஊரில் நிற்பது தெரியவந்திருக்கக் கூடும். எப்போதும் அகப்படும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஐந்து நிமிட வேலை. வண்டியைக் கண்ணால் காணாமல் எந்த அட்வான்ஸும் இல்லை என்பதில் இப்போது அந்தக் குடும்பமே உறுதியாக இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவத்தை முதல் நாளிலேயே தொடங்கச் சொல்ல வேண்டும். நாங்கள் லீவுக்காகக் காத்திருந்தோம், அவர் லீவு தள்ளிப்போயிருந்தால் எல்லாம் தள்ளிப்போயிருக்கும்.

போன மாதம் அந்தத் தம்பி கடைக்கு வந்தார். அவருடைய கூட்டாளி ஒருவர் சம்மாந்துறைப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று பார்த்திருக்கிறார், விற்பவரிடம் கம்பனிக் கடிதம் இருக்கிறதாம். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, கீழே இருந்த திகதி வரியில் விரலை வைத்து, "இது முடிஞ்ச கடிதம் இல்லத்தானே அண்ணன்" என்று கேட்டார். இல்லை என்றேன்.